இறால், நண்டு, சிங்கி இறால்: எங்கே கீறுவது, எதை எடுத்து வீசுவது

இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாவற்றுக்கும் உடம்புக்குள் இருக்கும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணுக்குப் பின்னால் ஒரு இரைப்பை, ஓட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் செவுள், இரைப்பையில் தொடங்கி வால் பக்கம் முடிகிற ஒரு குடல். இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் எதை வாங்கினாலும் சுத்தம் செய்துவிடலாம். கடையில் உரித்துத் தருவார்களே என்று கேட்கலாம். உரித்துத் தருவார்கள், ஆனால் கூட்ட நேரத்தில் பெரும்பாலும் ஓட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். குடலை வீட்டில் நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் இந்த பிரான், ஷ்ரிம்ப் குழப்பம்

பெரியது பிரான், சின்னது ஷ்ரிம்ப் என்று பலரும் சொல்வார்கள். கடைப் பலகைக்கு அது போதும், உண்மை அதுவல்ல. வித்தியாசம் வயிற்றுப் பக்க ஓட்டில் இருக்கிறது. ஒரு முழு இறாலைக் கையில் எடுத்து, தலைக்குப் பின்னால் வரும் ஓட்டு வளையங்களைப் பக்கவாட்டில் பாருங்கள். கூரை ஓடு மாதிரி ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் வரிசையாகப் படிந்திருந்தால் அது பிரான் வகை. இரண்டாவது வளையம் மட்டும் அகலமாக, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்து மூடியிருந்தால் அது ஷ்ரிம்ப் வகை. ஷ்ரிம்ப் வகையில் பெண் இறால் முட்டையை வயிற்றுக்கு அடியில் சுமந்து திரியும், பிரான் வகை முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் நம் சந்தையில் இருக்கும் வெள்ளை இறால், வரி இறால், 2009-க்குப் பிறகு நம் பண்ணைகளை நிறைத்துவிட்ட வனாமி எல்லாமே பிரான் வகை. கருவாட்டுக் கடையில் பொடிப்பொடியாகக் கிடைக்கும் சென்னாகூனியும் இந்தப் பக்கம்தான். நீளமான நீலக் கொடுக்கோடு ஆற்றிலும் குளத்திலும் வளர்கிற பெரிய நன்னீர் இறால் இருக்கிறதே, அளவில் எதற்கும் சளைத்ததல்ல, அது ஷ்ரிம்ப் பக்கம் போய்விடும். அளவை வைத்துப் பேசுவது எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். நல்லவேளை, குடல் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் ஓடுகிறது, அதனால் அடுப்படியில் இந்த வித்தியாசத்துக்கு வேலை இல்லை.

ஒரு கிலோ இறால், ஆரம்பம் முதல் கடைசி வரை

'40 கவுண்ட்' என்று சொல்லி விற்பார்கள். தலையோடு ஒரு கிலோவுக்கு 40 இறால், அதாவது ஒன்று சுமார் 25 கிராம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த அளவு வசதி, இதைவிடச் சின்னது வாங்கினால் கையே ஓய்ந்துவிடும். தலை, ஓடு, குடல் எல்லாம் போனால் சுமாராகப் பாதிதான் மிஞ்சும், ஆகவே நாலு பேருக்கு அரைக் கிலோ சதை வேண்டுமென்றால் முழு இறால் ஒரு கிலோ வாங்க வேண்டும்.

வாங்கும்போது தலையையும் உடம்பையும் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். விறைப்பாக ஒட்டிக்கொண்டு இருந்தால் புதுசு. தலை தொளதொளவென்று ஆடினால், மூக்கைக் குத்துகிற அம்மோனியா வாடை வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தலையில் லேசாகக் கறுப்புப் படிந்திருப்பது வேறு. அது ஓட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டுச் செய்கிற வேலை, வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போல. பிடித்து நேரமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம், கெட்டுவிட்டது என்று அல்ல. வாடையும் விறைப்பும் சரியாக இருந்தால் வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் போட்ட தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று, கழிவுக்கு ஒன்று, சுத்தம் செய்ததற்கு ஒன்று என்று மூன்றை எடுத்து வையுங்கள்.

1. முதலில் எல்லா இறாலுக்கும் தலையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகத் தலை, ஓடு, குடல் என்று போக வேண்டாம். தலைக்குள் இருக்கும் செரிமான உறுப்பின் நொதிகள் கசிந்தால் சதை அந்தப் பக்கத்திலிருந்து கொழகொழப்பாக ஆரம்பிக்கும், அதனால் தலைக்குத்தான் அவசரம். ஒரு கையால் தலை, ஒரு கையால் உடம்பைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். பதமாக இழுத்தால் சில இறாலில் குடலும் கூடவே நூல் மாதிரி வந்துவிடும்.

2. வயிற்றுப் பக்கம் இருக்கும் கால்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் ஓடு அங்கேயே விரிந்துகொடுக்கும். கட்டைவிரலை உள்ளே விட்டுச் சுற்றிக் கழற்றுங்கள். வறுப்பதற்கு என்றால் வால் நுனி இருக்கட்டும், தொக்கு, பிரியாணிக்கு வேண்டாம், சாப்பிடுகிறவர்கள் தேடித்தேடி எடுத்துப் போட வேண்டிவரும்.

3. இப்போது முதுகு. நடுமுதுகில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு தெரியும், அதுதான் குடல். கத்தியை ஆழமாக விட வேண்டாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். கோட்டின் மேலேயே நீளவாக்கில் கீறி, கத்தி முனையால் தலைப்பக்கத்தில் நெம்பி, விரலால் பிடித்து வால்பக்கமாக இழுங்கள். முதுகைக் கீறாமல் முழுசாக வேண்டுமென்றால் ஒரு பல்குத்தும் குச்சியை முதுகின் நடுவில், கோட்டுக்குக் கீழே குறுக்காகக் குத்தி மெதுவாகத் தூக்குங்கள், குடல் வளையமாக மேலே வரும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் இன்னும் கொஞ்சம் வால்பக்கம் தள்ளி மறுபடி குத்துங்கள்.

4. ஐஸ் தண்ணீரில் ஒரு முறை அலசி உடனே வடித்துவிடுங்கள். ஊற வைத்தால் ருசி தண்ணீரோடு போகும். உப்பும் மஞ்சள் தூளும் பிசறுவது அலசி வடித்த பிறகுதான்.

இங்கே புதியவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். சில இறாலில் முதுகுக் கோடே இருக்காது, குடல் எங்கே போயிற்று என்று தோண்டிக்கொண்டே இருப்பார்கள். பண்ணை இறாலுக்குப் பிடிப்பதற்கு முன் தீனியை நிறுத்திவிட்டால் குடல் காலியாக இருக்கும், நிறம் இருக்காது. அதை விட்டுவிடலாம். இன்னொன்று, வயிற்றுப் பக்கமும் மெல்லிய ஒரு கோடு ஓடும். அது நரம்பு. அதற்குள் மண்ணும் இல்லை, கழிவும் இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குடலுமே நன்றாக வெந்துவிட்டால் ஆளைப் படுக்கவைக்கிற சமாச்சாரம் இல்லை, நறநறவென்று மண்ணும் லேசான கசப்பும்தான் பிரச்சினை. அதனால் சுண்டுவிரல் அளவு பொடி இறாலுக்குக் குடல் எடுக்க உட்காராதீர்கள், தலையைக் கிள்ளி அலசினால் போதும். பெரிய இறாலுக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

தலையையும் ஓட்டையும் வீசுவதற்கு முன் ஒரு வார்த்தை: எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் குழம்புக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

நண்டு: இங்கே குடல் அல்ல, செவுள்

இறாலுக்குச் சதை வாலில். நண்டுக்கு அந்த வால் சுருங்கி, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. திருப்பிப் போட்டால் முக்கோணமாக ஒரு மடல் தெரியும், அதுதான். ஒடுக்கமாகக் கூர்மையாக இருந்தால் ஆண், அகலமாக வளைந்து இருந்தால் பெண். சதைக்கு ஆண், சினைக்குப் பெண்.

களி நண்டு என்கிற சேற்று நண்டை உயிரோடு கட்டி விற்பார்கள், அதை உயிரோடுதான் வாங்க வேண்டும், செத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். நீலக்கால் நண்டு, முக்கண் நண்டு போன்ற கடல் நண்டுகள் பெரும்பாலும் ஐஸில்தான் வரும். கையில் தூக்கும்போது அளவுக்கு ஏற்ற கனம் வேண்டும், அடிப்பக்கத்தை அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் இப்போதுதான் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும்.

உயிருள்ள நண்டு என்றால் கட்டை அவிழ்க்காமல் ஐஸுக்குள் புதைத்து அரை மணி நேரம் வையுங்கள், அசைவு முழுதாக நின்றபின் தொடுங்கள். அப்புறம் மல்லாக்கப் போட்டு, அந்த முக்கோண மடலைத் தூக்கித் திருகி எடுங்கள். குடலின் கடைசித் துண்டு அதோடு வந்துவிடும். மடல் இருந்த பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து மேல் ஓட்டைப் பின்பக்கத்திலிருந்து பிரியுங்கள். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பஞ்சு விரல்கள் மாதிரி வரிசையாக இருக்கும், அதுதான் செவுள். ஒன்றுவிடாமல் பிய்த்துப் போடுங்கள், தண்ணீரிலிருந்த சேறெல்லாம் தங்குகிற இடம் அது. கண்ணுக்குப் பின்னால் ஓட்டோடு ஒட்டியிருக்கும் சின்னப் பை இரைப்பை, அதையும் வாயையும் சேர்த்துக் கிள்ளி எடுங்கள்.

உள்ளே மஞ்சளாகக் குழம்பு போல் இருப்பது ஈரல் மாதிரியான உறுப்பு. ருசியாக இருக்கும் என்று அதற்காகவே நண்டு வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் தண்ணீரில் இருக்கும் உலோகக் கழிவுகள் சேர்கிற இடமும் அதுதான், கழிவு கலக்கிற முகத்துவாரப் பக்கத்து நண்டு என்றால் நான் எடுத்துவிடுவேன். ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது சினை, அதை விடாதீர்கள். பிறகு உடம்பை இரண்டாக வெட்டி, கொடுக்குகளை அம்மிக்குழவியால் ஒரு தட்டு தட்டி வையுங்கள். ஓடு விரிசல் விட்டால் போதும், நொறுங்கினால் குழம்பில் சில்லுதான் மிதக்கும்.

சிங்கி இறால்

ராமேஸ்வரம், கன்னியாகுமரிப் பக்கம் சிங்கி, கல் இறால் என்று கிடைப்பதற்கும், வெளிநாட்டுப் படங்களில் தட்டில் இரண்டு பெரிய கொடுக்கோடு வருவதற்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழ்வது. நம்முடையதற்குப் பெரிய கொடுக்கே கிடையாது, முள்ளு முள்ளான நீண்ட மீசைதான் இருக்கும். ஆகவே சதை முழுக்க வாலில். வயிற்றுக்கு அடியில் முட்டைக் கொத்தோடு இருப்பதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது கடலுக்குள் இருக்க வேண்டியது.

ஐஸில் வைத்து அசைவு நின்றபின், துணியால் பிடித்துக்கொண்டு தலைக்கும் வாலுக்கும் நடுவே கத்தியை விட்டுச் சுற்றி அறுத்துத் திருகினால் வால் தனியே வந்துவிடும். இப்போது குடல். முதுகைக் கீறவே வேண்டாம். மீசையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை ஒடித்து, வாலின் அடிப்பக்கம் விசிறி தொடங்கும் இடத்தில் இருக்கும் சின்னத் துவாரம் வழியே, தடித்த முனை உள்ளே போகிற மாதிரி செருகி, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுங்கள். மீசையின் முட்கள் குடலைப் பற்றிக்கொண்டு முழுசாக இழுத்து வந்துவிடும். வரவில்லை என்றால் கத்தரிக்கோலால் முதுகு ஓட்டை நடுவில் நறுக்கி, இறாலுக்குச் செய்தது போலவே நெம்பி எடுங்கள்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நண்டோ சிங்கியோ ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். ஒவ்வாமை தருகிற புரதம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுத்தம் செய்த பலகையும் கத்தியும்கூடத் தனியாக இருக்க வேண்டும். சுத்தம் செய்ததை மூடிய பாத்திரத்தில் போட்டு, அடியில் ஐஸ் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாள் மதியம் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள், ஒருமுறை உருக வைத்ததை மறுபடி உறைய வைத்தால் சதை சக்கையாகிவிடும்.