குழுவில் சேர மாட்டேன் என்கிற குழந்தையைத் தலைவராக்காதீர்கள்

பயிற்சிக்கு வரும் புது ஆசிரியர்கள் மூன்றாம் வகுப்பில் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள், குழு வேலைக்கு வர மாட்டேன் என்கிற குழந்தையிடம், அதுவும் நானெல்லாம் சறுக்கிய அதே இடத்தில். திட்டாதீர்கள், எல்லார் முன்னாலும் கெஞ்சாதீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்புகளில் இருப்பவைதான் அவர்கள் செய்கிற தவறுகள்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அதே வேலையைத் தனியாகக் கொடுத்தால் செய்கிறானா? செய்தால் சிக்கல் குழுவில் இருக்கிறது, இடமும் பொறுப்பும் உதவும். தனியாகவும் செய்யவில்லை என்றால் வேலையே அவனுக்கு எட்டவில்லை. அப்போது இடத்தை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் கற்றல் நிலைகளில் அவன் அரும்பா, மொட்டா என்று மறுபடி பாருங்கள்.

அவனையே குழுத் தலைவர் ஆக்குவது

“பொறுப்பு கொடுத்தா சரியாயிடுவான்” என்று யாராவது சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எட்டு வயதுக்காரனுக்குத் தலைவர் என்றால் என்ன வேலை? எல்லாரையும் செய்ய வைக்க வேண்டும், சண்டையைத் தீர்க்க வேண்டும், கடைசியில் எழுந்து பேச வேண்டும். அவன் எதிலிருந்து ஒதுங்குகிறானோ அத்தனையையும் மூட்டையாகக் கட்டி அவன் தலையிலேயே வைக்கிறோம். எப்போது தொடங்குவது, எப்போது முடிந்தது என்றும் அந்த வேலையில் தெரியாது. ஒரு பயிற்சி ஆசிரியர் இப்படித்தான் ஒருவனுக்குத் தலைவர் அட்டையை மாட்டினார். பத்து நிமிடத்தில் அட்டை மேசைக்கடியில் கிடந்தது, அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான், மற்ற மூன்று பேரும் “டீச்சர், எங்க லீடர் ஓடிட்டான்” என்று கத்தினார்கள். அந்தப் பேர் அவனுக்கு ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை குழு என்றதும் அவன் பையையே திறக்கவில்லை.

அவனுக்கு வேண்டியது கையில் ஒரு பொருள், அதை வைத்துச் செய்ய ஒரே வேலை, அது முடியும் இடம். நீளம் அளக்கும் பாடத்தில் அதே பையனுக்கு அளவுகோலைக் கொடுத்தோம். ஒருத்தி முதலில் உத்தேசமாகச் சொல்வாள், இவன் அளப்பான், ஒருவன் அட்டவணையில் எழுதுவான், இன்னொருத்தி கடைசியில் வகுப்புக்குச் சொல்வாள். இவன் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ‘அளவுகோல் என்னிடம் இருக்கும். பூஜ்ஜியத்தை விளிம்பில் வைப்பேன். எண்ணை ஒருமுறை சொல்வேன். 5 பொருள் அளந்ததும் என் வேலை முடிந்தது.’ இவன் எண்ணைச் சொன்னால்தான் அடுத்தவன் எழுத முடியும், அதனால் யாரும் இவனைத் தாண்டிப் போக முடியாது. மூன்றாவது பொருளில் பக்கத்துப் பெண் அளவுகோலைப் பிடுங்கி பென்சில் டப்பாவை 1-லிருந்து வைத்து “21” என்றாள். “தப்பு, 0-ல வை, 20 வரும்” என்று இவன் வாங்கிச் சரிசெய்தான். அன்றைக்குக் குழுவிடம் அவனாகப் பேசியது அந்த ஒன்றுதான். எனக்கு அது போதும்.

எழுத்தில் தடுமாறும் குழந்தைக்கு எழுதும் வேலையைக் கொடுத்துவிடாதீர்கள், மறுபடி மறுப்புதான் வரும். பொறுப்பைத் தினமும் சுழற்றவும் வேண்டாம். நாலைந்து செயல்பாடுகளுக்கு அதே வேலை இருக்கட்டும், அப்புறம் ஒரு சின்னப் பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

இரண்டு ‘நல்ல பிள்ளைகளுக்கு’ நடுவில் உட்காரவைப்பது

வட்டத்தின் நடுவில் மாட்டினால் இரு பக்கமும் முழங்கை, எதிரில் எல்லாருடைய முகமும். ஓரத்தில் வையுங்கள்: பின்னால் சுவர், பக்கத்தில் ஒரே ஒரு ஆள், அதுவும் எதிரெதிராக இல்லாமல் அருகருகே. நல்ல பிள்ளை என்று நாம் நினைப்பவர் பெரும்பாலும் அடுத்தவர் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவார், அதனால் தன் வேலையோடு நிற்கிற அமைதியான குழந்தையைப் பாருங்கள். முதலில் இருவராகவே வேலை செய்யட்டும், அது பழகியபின் அதே இடத்தில் மூன்றாவது ஆளைச் சேருங்கள். ஆள் மாறலாம், அவன் இடம் மாறக்கூடாது.

“எங்கே உட்காருறே?” என்று பொதுவாகக் கேட்டால் “எங்கேயும் வேணாம்” என்றுதான் பதில் வரும். இரண்டு இடத்தைக் காட்டி “இதுவா, அதுவா?” என்று கேளுங்கள்.

டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் தனி இடம்

தண்டனை என்றுதான் வகுப்பு புரிந்துகொள்ளும்.

“சேர்ந்து செய்யுங்க” என்று சொல்லிவிட்டு நகர்வது

யார், எதை, எத்தனை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

சேர்ந்தால் ஸ்டிக்கர் கொடுப்பது

ஒரு வாரம்தான் ஓடும்.

எல்லாவற்றையும் இடமும் அட்டையும் தீர்க்கும் என்று காத்திருப்பது

சில வாரங்கள் இப்படிச் செய்தும் இருவராகச் செய்யும் வேலைக்கே அவன் வரவில்லை, இடைவேளையிலும் யாரோடும் விளையாடுவதில்லை, சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறான் என்றால் வீட்டில் எப்படி இருக்கிறான் என்று பெற்றோரிடம் கேட்டுவிட்டு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேலையில் எழுந்து போனான், அப்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று குறித்து வைத்திருந்தால் அவரும் எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.