கார் சைலன்சர் புகை: வெள்ளை, நீலம், கருப்பு எதைச் சொல்கின்றன?

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் கூலன்ட், கருப்பு என்றால் எரிபொருள் அதிகம். இந்த மூன்று வரியையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிவிட முடியாது. புகை எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் பழைய பெட்ரோல் காரில் வெள்ளைப் புகையின் காரணத்தைப் பிடித்த கையோடு இதை எழுதுகிறேன். அதனால் வெள்ளைக்குத்தான் இங்கே அதிக இடம்.

1. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது தொடங்குங்கள்

இரவு முழுக்க நின்ற கார்தான் இந்தச் சோதனைக்கு ஏற்றது. திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்பக்கம் சற்று ஒதுங்கி நில்லுங்கள். முதல் புகை சில நொடிகள்தான் இருக்கும். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு வெள்ளைக் காகிதமும் வைத்துக்கொள்ளுங்கள். டெயில் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி அரை நிமிடம் பிடித்து, பிறகு காயவிடுங்கள். தண்ணீர் என்றால் உலர்ந்து மறைந்துவிடும். ஆயில் என்றால் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பான கறை இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெரியும். கரி என்றால் விரலால் தேய்த்ததும் கருப்பாக ஒட்டும்.

2. வெள்ளை: நீராவியா, கூலன்டா?

பெட்ரோல் எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த சைலன்சரில் அது படிந்து, பிறகு ஆவியாக வெளியேறும். குழாயிலிருந்து சொட்டினால்கூடப் பயம் வேண்டாம். இந்த ஆவி மெல்லியதாக இருக்கும், காற்றில் உடனே கரைந்துவிடும், இன்ஜின் சூடானதும் நின்றும்விடும்.

கூலன்ட் எரிந்து வரும் புகை அப்படியில்லை. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். அடர்த்தியாக, தரையை ஒட்டித் தவழும். லேசான இனிப்பு வாசனை இருக்கும். அதற்காகக் குனிந்து முகர வேண்டாம், கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நச்சு.

குழப்பம் வருவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். குளிர்ந்த காலையில் நல்ல இன்ஜினும் நிறையவே ஆவி விடும். கசிவு சிறியதாக இருந்தால் கூலன்ட் புகையும் மெல்லியதாகத்தான் இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கூலன்ட் அளவைக் கவனியுங்கள். ரிசர்வாயரில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். என் காரில் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை, ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்தே இருந்தன, ஆனால் கோட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போனது. வெளியே கசியாமல் குறைகிறது என்றால் உள்ளேதான் போகிறது.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். என்னுடையவற்றில் மூன்று வழக்கமான பழுப்பு நிறத்தில் இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் பீங்கான் வரை வெளுத்து, கழுவி எடுத்தது போல இருந்தது. எரியும் அறைக்குள் வரும் தண்ணீர் ஆவியாகிக் கரியைச் சுத்தம் செய்துவிடும். அதற்கான அடையாளம் இதுதான்.

உறுதி செய்ய நான் சிபாரிசு செய்வது பிளாக் டெஸ்டர், எரிந்த வாயு கூலன்டில் கலந்தால் நிறம் மாறும் திரவம் உள்ள கருவி. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை விட இதற்குத்தான் என் ஓட்டு. சின்ன கசிவு இருந்தாலும் கம்ப்ரஷன் சரியாகக் காட்டக்கூடும், பிளாக் டெஸ்டரோ எரிந்த வாயுவையே நேராகத் தேடுகிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீய்ச்சியடிக்கும். கூலன்ட் மேலே வந்து டெஸ்டர் திரவத்தில் கலந்துவிட்டால் சோதனை வீண், அதனால் சிறிது கூலன்டை வெளியே எடுத்துவிடுங்கள். டெஸ்டரை ரேடியேட்டரின் வாயில் அழுத்திப் பொருத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ரப்பர் பல்பை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். பெட்ரோல் காரில் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் கார்பன் டை ஆக்சைடு கூலன்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். என்னுடையது முதலில் பச்சை கலந்து, பிறகு தெளிவாக மஞ்சளானது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்தபோது, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் மூன்றாவது சிலிண்டருக்கும் கூலன்ட் துவாரத்துக்கும் நடுவே அரித்துப்போயிருந்தது. புதிய கேஸ்கட் போடுவதற்கு முன் ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது.

நிறம் மாறவில்லை என்றால் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சில கசிவுகள் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் திறக்கும். கூலன்ட் தொடர்ந்து குறைந்தால், ஒரு ஓட்டம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு மூடியைத் திறந்த பிறகு மறுபடி செய்யுங்கள். இந்த முறை இன்ஜினை இன்னும் நீண்ட நேரம் ஓடவிடுங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் பால் போலப் படிந்திருந்தால் பதறவும் வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரம் அப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் காப்பி நிறமானால்தான் விஷயம் பெரியது.

3. நீலம்: எந்த நேரத்தில்?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து அதோடு நின்றுவிட்டால் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். இரவில் ஆயில் வால்வுத் தண்டு வழியே இறங்கியிருக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் பெரும்பாலும் அதுவே. ஏற்றத்தில், வேகமெடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். இங்கேதான் கம்ப்ரஷன் கேஜ் உதவும். அளவு குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அமரும் இடத்திலோ கேஸ்கட்டிலோ கசிவு.

அதற்கெல்லாம் முன்பு ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே சின்ன வேலை.

4. கருப்பு

பெரும்பாலும் காற்றுக்குப் பொருந்தாத அளவு எரிபொருள் போகிறது. ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள், பிறகு ஏர் ஃப்ளோ சென்சார், ஆக்சிஜன் சென்சார், ஒழுகும் இன்ஜெக்டர் என்று வாருங்கள். மைலேஜும் கூடவே விழுந்திருக்கும்.

பின்சேர்க்கை: டீசல் கார்கள்

டீசலில் வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் கூலன்ட் குறையவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே வெள்ளை பெரும்பாலும் எரியாத டீசல்தான். கண் எரியும், டீசல் வாடை அடிக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறினால் ஸ்டார்ட் ஆவதற்கு முன் எரியும் அறையைச் சூடாக்கும் குளோ பிளக்கை முதலில் சோதியுங்கள். மிதிக்கும்போது கரும்புகை வந்து இழுவையும் குறைந்திருந்தால் டர்போ ஹோஸ் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், வளைவுகளின் அடிப்பக்கம் முக்கியம்.

இன்னொருவர், ஆயில் குறைகிறது, புகையே இல்லை என்றார். கேட்டலிட்டிக் கன்வர்டர் கொஞ்சம் நீலப் புகையை எரித்து மறைத்துவிடும். அப்படிப்பட்ட காரில் புகைக்காகக் காத்திருக்காமல், டிப்ஸ்டிக் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வைத்துக் கணக்குப் பாருங்கள்.