வங்கிக்கு மொழி மாற்றக் கடிதம் எழுதும்போது

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பெரியம்மா ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார். "பேங்க்ல எனக்கு 1,240 வெள்ளி பாக்கின்னு போட்டிருக்கான், நான் எந்தக் கடனும் வாங்கலையே!" மலாயில் பாக்கி என்றால் கணக்கில் மீதமிருக்கும் பணம். நமக்கோ பாக்கி என்றால் இன்னும் கட்ட வேண்டியது. தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு ஆங்கிலம் படிக்க வரும். சரி, மலாயில் வருவதை இனி ஆங்கிலத்திலேயே அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று கிளைக்குக் கடிதம் எழுதினோம். முதல் கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை.

தவறு எங்கள் பக்கம்தான். "எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். மாதாந்திரக் கணக்கு அறிக்கை வேறு, போனுக்கு வரும் குறுஞ்செய்தி வேறு. இரண்டையும் தனித்தனி வரியாகக் கேட்க வேண்டும். கணக்கு எண்ணை முழுதாக எழுதுங்கள். சேமிப்பு, நிரந்தர வைப்பு என்று இரண்டு கணக்கு இருந்தால் இரண்டு எண்ணும் வேண்டும். குறுஞ்செய்தி எந்தப் போன் எண்ணுக்கு வருகிறதோ அதையும் குறிப்பிடுங்கள். வங்கியின் ஆப்பில் வரும் அறிவிப்புகளின் மொழியைப் பெரும்பாலும் போனிலேயே ஆப்பைத் திறந்துதான் மாற்ற வேண்டியிருக்கும். கடிதம் எழுதியும் மாறவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கையெழுத்து. பெரியம்மா கணக்கு திறந்தபோது தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் கேட்கிறோமே என்று கடிதத்தில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் போகாத கடிதத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அன்று எப்படிப் போட்டீர்களோ இன்றும் அப்படியே போடுங்கள். கைநாட்டு வைத்துத் திறந்த கணக்கு என்றால் கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாமல், மைகார்டோடு நேரில் போவதே நல்லது.

பின் நம்பர், கடவுச்சொல் எதையும் கடிதத்தில் எழுதாதீர்கள். மொழி மாற்ற அவை தேவையே இல்லை. அதைக் கேட்டு யாராவது போன் செய்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். இன்னொரு பிரதியும் கொண்டுபோய், கவுண்டரில் தேதியோடு சாப் அடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் இனி வரும் அறிக்கைகளுக்குத்தான். பழையவை வேண்டுமென்றால் எந்த மாதங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும், அதற்குக் கட்டணம் இருக்கலாம்.

இப்படித் திருத்தி மறுபடி எழுதிய பிறகு, அடுத்த மாதம் அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. அப்புறமும் ஒரு வரியில் மட்டும் "belanja" என்று மலாயில் இருந்தது. அது வங்கி எழுதியதல்ல, பணம் அனுப்பும்போது அண்ணன் செலவுக்கு என்று குறிப்பாகத் தட்டிய சொல். அனுப்புகிறவர் தட்டியது அப்படியேதான் வரும். அதை மாற்றச் சொல்லி அண்ணனிடம்தான் சொன்னோம்.