ரம்பப்பல் கூரை ஆலையை வரையும்போது நேரும் தவறுகள்

சேலத்தில் ஒரு நெசவு ஆலையின் வெளித்தோற்றத்தை வரையச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் கூரையின் ரம்பப் பற்களைக் கண்ணாடி மின்ன வரைந்துவிட்டு, பிறகு அவற்றின் பின்னால் சேர்வராயன் மலையை நிறுத்துவார்கள். இந்த இரண்டும் ஒரே படத்தில் வர முடியாது. வெயில் நேராக விழாமல், தறிகளின் மேல் சீரான வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே நம் பக்கத்தில் ரம்பப்பல்லின் கண்ணாடி முகம் வடக்கே பார்த்து வைக்கப்படுகிறது. சேர்வராயன் மலையும் நகருக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே கண்ணாடியை நேர் எதிரே பார்ப்பவர் தெற்கே பார்க்கிறார், மலை அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

மலை வேண்டும் என்றால், ஆலையின் தென்மேற்கு மூலையில் நின்று வடகிழக்கே பாருங்கள். மேற்குச் சுவரின் விளிம்பில் பற்களின் வரிசை தெரியும்; ஒவ்வொரு பல்லின் செங்குத்தான முகமும் உங்கள் இடப்பக்கம், சரிவு வலப்பக்கம். கண்ணாடி தெரியாது, அது தெரியவும் கூடாது. பல்லின் கூர்மையிலும் பலர் கைமீறிப் போகிறார்கள். பல்லின் அகலம் 6 மீட்டர் என்று கொண்டு, 45 பாகையில் சரிவு போட்டால் கண்ணாடியின் உயரமும் 6 மீட்டராகிவிடும். அது ஆலை அன்று, கோயில் மதில். 20 பாகைச் சரிவு போட்டால் உயரம் சுமார் 2.2 மீட்டர் வரும், கண்ணுக்கும் நம்பும்படி இருக்கும்.

அடுத்தது சரக்கு ஏற்றும் மேடையை ஒட்டி நிற்கும் லாரி. நான் முதன்முதலில் வரைந்த ஆலைப் படத்தை, சங்ககிரிப் பக்கம் நெடுங்காலம் வண்டி ஓட்டிய ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் மலையையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை. "ஏனுங்க, மேடை டிரைவரோட நெஞ்சு உசரத்துக்கு இருக்குது, வண்டித் தளம் முழங்கால் உசரத்துல கிடக்குது. மூட்டையை மேலிருந்து உருட்டி விடுவீங்களா?" என்று கேட்டார். சரக்கு மேடையின் உயரமும் பெரிய லாரியின் தளமும் ஏறக்குறைய ஒன்றாக, 1.2 மீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்பதை நான் அளந்து பார்க்காமல் கைப்போக்கில் வரைந்திருந்தேன்.

இதைத் தவிர்க்க ஒரு கணக்குப் போதும். நின்றபடி பார்ப்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், சமதரையில் நிற்கும் எல்லாப் பொருள்களையும் தொடுவானக் கோடு அதே 1.6 மீட்டர் உயரத்தில்தான் வெட்டும். படத்தில் ஒரு லாரிச் சக்கரத்தின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை 4 செ.மீ. இருந்தால், அந்த இடத்தில் மேடை 3 செ.மீ., 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 2.5 செ.மீ., கன்டெய்னர் ஏற்றிய 4 மீட்டர் வண்டி 10 செ.மீ. உயரம். தொலைவில் நிற்கும் வண்டிக்கு அளவு சுருங்கினாலும் விகிதம் மாறாது. மேடைக்கு முன்னால் தரையைப் பள்ளமாக வெட்டியிருந்தால் மட்டும், அங்கே நிற்கும் வண்டிக்குப் பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அகலத்தையும் மறக்க வேண்டாம். லாரி 2.6 மீட்டர் வரை அகலம் இருப்பதால், கதவுகளை 4 மீட்டர் இடைவெளியில் வைத்தால் இரண்டு பற்களுக்குக் கீழே மூன்று வண்டிகள் அடங்கும். பல்லுக்கு ஒரு கதவு என்று அழகுக்காக வைப்பது நெருக்கமாகவும் இல்லாமல், தாராளமாகவும் இல்லாமல் போய்விடும்.

கடைசியாக வெளிச்சம். மேகம் மூடிய நாளின் தட்டையான வெளிச்சம் என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் பூசுவது, அல்லது பழக்கத்தினால் ஒரு சுவரை வெளிச்சமாகவும் மறு சுவரை நிழலாகவும் பிரிப்பது, இரண்டும் தவறு. முழுக்க மேகம் மூடிய வானத்தில் உச்சி, தொடுவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமானது. அதனால் வானத்தைப் பார்த்த பரப்புகளான சிமென்ட் தரை, கூரைச் சரிவு ஆகியவை வெளிறித் தெரியும். திறந்த தரையில் விழும் வெளிச்சத்தில் சுமார் ஐந்தில் இரண்டு பங்குதான் வானத்திலிருந்து நேரே சுவரில் விழுகிறது, மேற்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் அது ஒன்றேதான். ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்பவர்கள் சூரியனை அணைத்துவிட்டு வானத்துக்கு ஒரே நிறம் கொடுத்தால் இந்த வேறுபாடு குறைந்து படம் அட்டை போலாகிவிடும். உச்சியிலிருந்து கீழே மங்கும்படி வானத்தை அமைக்க வேண்டும்.

விளிம்பு கூர்ந்த நிழல் இந்த வெளிச்சத்தில் கிடையாது. ஆனால் லாரியின் அடிவயிறும், மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் சாண் அகலச் சந்தும் நன்றாகக் கறுக்க வேண்டும். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால், அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் வண்டி தரையில் நிற்காமல் மிதக்கும்.