தேடல் குறுக்குவழி: இருக்கிற புத்தகம் "இல்லை" என்று வருவது ஏன்?

போன மாதம் சித்தியின் மகள் மடிக்கணினியோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. ஊர்ச் சனசமூக நிலையங்களைப் பற்றி ஆய்வு எழுதுகிறாள். ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளத்தில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை தேட வேண்டியிருப்பதால், முகவரிப் பட்டையிலேயே தேடுவதற்கு ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தாள்.

"அண்ணா, சனசமூக நிலையம் எண்டு தேடினா நிறைய வருது. எங்கட ஊர்ப் பேரைப் போட்டா ஒண்டும் வருகுதில்லை. எங்கட ஊரைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லையோ?"

அவளுடைய ஊரில் இருந்து வெளிவந்த ஆண்டு மலர்கள் சிலவற்றை நானே அந்தத் தளத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே பிழை குறுக்குவழியில்தான் இருக்க வேண்டும். குரோமில் அமைப்புகளுக்குள் போய் அவள் சேர்த்திருந்த முகவரியைப் பார்த்தேன். அதன் நடுவில் `offset=20` என்று இருந்தது. எல்லாம் அதிலேயே விளங்கிவிட்டது.

இந்தக் குறுக்குவழி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தளத்தில் ஏதாவது தேடினால், தேடிய சொல் பெரும்பாலும் முடிவுப் பக்கத்தின் முகவரிக்குள்ளேயே வந்துவிடும். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் `%s` என்று எழுதி, அந்த முகவரியை உலாவியில் ஒரு சிறு பெயரோடு சேமிக்கிறோம். பிறகு முகவரிப் பட்டையில் அந்தச் சிறு பெயர், ஒரு இடைவெளி, தேடும் சொல் என்று அடித்தால் உலாவி `%s` இருந்த இடத்தில் சொல்லை வைத்து நேரே முடிவுப் பக்கத்தைத் திறக்கும். குரோமில் `chrome://settings/searchEngines` என்று அடித்து, Site search பகுதியில் Add அழுத்திச் சேர்க்க வேண்டும். பயர்பொக்ஸில் Ctrl+Shift+O அழுத்திப் புத்தகக்குறிகளைத் திறந்து, அந்த `%s` முகவரி உள்ள குறியின் Keyword கட்டத்தில் சிறு பெயரை எழுதினால் போதும்.

முகவரியை அப்படியே எடுத்து ஒட்டுவது

தங்கச்சி செய்தது இதுதான். ஒரு சொல்லைத் தேடி, முடிவுகளை வாசித்துக்கொண்டு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். அப்போதுதான் குறுக்குவழி செய்யும் யோசனை வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் முகவரியையே எடுத்துக்கொண்டாள். நூலகம் தளமும் விக்கிப்பீடியாவும் ஒரே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுபவை, அதனால் இரண்டின் தேடல் முகவரியும் ஒரே மாதிரி அமையும். தமிழ் விக்கிப்பீடியாவில் "பனை" என்று தேடி இரண்டாம் பக்கத்துக்குப் போனால், நகலெடுக்கும் முகவரி ஏறக்குறைய இப்படி வரும்:

```
https://ta.wikipedia.org/w/index.php?title=%E0%AE%9A%E0%AE%BF%E0%AE%B1%E0%AE%AA%E0%AF%8D%E0%AE%AA%E0%AF%81:Search&limit=20&offset=20&search=%E0%AE%AA%E0%AE%A9%E0%AF%88
```

`limit=20` என்றால் ஒரு பக்கத்துக்கு 20 முடிவுகள். `offset=20` என்றால் முதல் 20 முடிவுகளை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து காட்டு. இந்த முகவரியில் குறுக்குவழி செய்தால் ஒவ்வொரு தேடலிலும் முதல் 20 முடிவுகள் மறைந்துபோகும். சனசமூக நிலையம் போன்ற சொல்லுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தால் 21ஆவதில் இருந்து வரிசையாக வரும், குறை ஒன்றும் தெரியாது. சின்ன ஊர்ப் பெயருக்கு ஏழெட்டு முடிவுதான் இருக்கும். அவை அத்தனையும் முதல் இருபதுக்குள் அடங்கிவிடுவதால் வெறும் பக்கம் வரும். பொதுவான சொல்லுக்கு முடிவு நிறைய வருகிறது, அரிய சொல்லுக்கு ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே முகவரியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இணைய முகவரிக்குள் ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்தாக மாறும். "பனை" என்பதில் ப, ன, ஐகாரக் குறி என்று மூன்று இருப்பதால் 27 எழுத்துகள். மேலே அப்படிப்பட்ட தொடர் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். கடைசியில் உள்ளதுதான் பனை. `title=` என்பதற்குப் பின்னால் வருவது "சிறப்பு" என்ற சொல், அது தளத்துக்குச் சொந்தமானது. பலர் முதலில் கண்ணில் படும் தொடரை அழித்துவிட்டு அங்கே `%s` போடுகிறார்கள். அப்புறம் எதைத் தேடினாலும் பனை பற்றியே ஏதாவது வரும், அல்லது பிழைப் பக்கம் வரும். சரியான தொடரைக் கண்டுபிடித்தவர்களும் சில வேளை முழுவதையும் அழிக்காமல் `%88` போல ஒரு துண்டை மிச்சம் விட்டுவிடுவார்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. குறுக்குவழி செய்வதற்காகத் தேடும்போது தமிழ்ச் சொல்லைப் போடாமல் `zzqq` என்று போடுங்கள். முகவரியில் அது அப்படியே கண்ணுக்குத் தெரியும். அந்த நாலு எழுத்தை அழித்து `%s` வைத்தால் வேலை முடிந்தது. பிறகு `&` குறிகளால் பிரிந்திருக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பின்பும் தேடல் நடந்தால் அந்தத் துண்டு தேவையில்லை. மீடியாவிக்கித் தளத்துக்குக் கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
https://noolaham.org/wiki/index.php?search=%s
https://ta.wikipedia.org/w/index.php?search=%s
```

தங்கச்சியின் குறுக்குவழியில் முதல் வரியை வைத்துவிட்டு ஊர்ப் பெயரை மறுபடி அடித்தோம். ஒரு வாசிகசாலையின் ஆண்டு மலர் மேலேயே வந்து நின்றது. அதைத் தேடித்தான் இரண்டு கிழமையாக ஊரில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

கட்டுரைப் பக்கத்தின் முகவரியில் %s வைப்பது

விக்கிப்பீடியாவுக்கும் விக்சனரிக்கும் பலர் தேடல் முகவரியை விட்டுவிட்டு `https://ta.wikipedia.org/wiki/%s` என்று வைத்துக்கொள்கிறார்கள். பார்க்கச் சுருக்கமாக இருக்கிறது, நேரே கட்டுரைக்கும் போகிறது. ஆனால் தலைப்பு எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தால் மட்டுமே போகும். தமிழில் இது பெரிய சிக்கல். யாழ்ப்பாணம் என்பதோடு கல்லூரி சேர்ந்தால் "யாழ்ப்பாணக் கல்லூரி" என்று ஒற்று வரும். அந்த "க்" இல்லாமல் அடித்தால் கணினிக்கு அது வேறொரு தலைப்பு. ஒற்று மிகாமல் அடிக்கிறவர்களுக்காக யாராவது வழிமாற்றுப் பக்கம் செய்து வைத்திருந்தால் தப்பினீர்கள். இல்லாவிட்டால் "இப்பக்கம் இல்லை" என்றுதான் வரும், வாசிக்கிறவர் கட்டுரையே இல்லை என்று நினைத்துவிடுவார். தேடல் முகவரி இரண்டு வேலையையும் செய்யும். தலைப்புச் சரியாகப் பொருந்தினால் கட்டுரைக்கே கூட்டிப்போகும், பொருந்தாவிட்டால் கிட்டத்தட்ட உள்ளவற்றை வரிசைப்படுத்தித் தரும். ஆகவே `search=%s` தான் என் தெரிவு.

ஆங்கில எழுத்தில் சிறு பெயர்

வழிகாட்டிகள் எல்லாம் விக்கிப்பீடியாவுக்கு `w` வை, இன்னொரு தளத்துக்கு `k` வை என்றுதான் சொல்லும். தமிழில் தேடுகிற எங்களுக்கு இது சரிவராது. பாமினி முறையில் அடிப்பவர் விசைப்பலகை தமிழில் இருக்கும்போது k விசையை அழுத்தினால் "ம" வரும். தமிழ்99இலும் அதே விசை "ம" தான். ஒலிபெயர்ப்பு முறையில் "க்" வரும். உலாவி காத்திருப்பது `k` என்ற எழுத்துக்கு, நாம் கொடுப்பதோ "ம பனை". அப்படி ஒரு குறுக்குவழி அதற்குத் தெரியாது, அந்த வரியை முழுவதுமாகக் கூகிளுக்கு அனுப்பிவிடும். சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு மாற்றி `k` அடித்து, திரும்பத் தமிழுக்கு மாற்றிச் சொல்லை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு தடவை மொழி மாற்றுவதென்றால், தளத்தைத் திறந்து தேடுவதே மேல்.

நான் எண்களை வைத்திருக்கிறேன். இந்தத் தமிழ் முறைகளில் எண் விசைகள் மாறுவதில்லை. நூலகத்துக்கு `01`, விக்கிப்பீடியாவுக்கு `02`, விக்சனரிக்கு `03`. வெறும் 1, 2 வைக்காதீர்கள். "2 பரப்புக் காணி" என்று கூகிளில் தேட நினைத்தாலும் அது குறுக்குவழிக்குள் புகுந்துவிடும். பூச்சியத்தில் தொடங்கும் தேடல் அரிது. `021` மட்டும் வேண்டாம், எங்கள் ஊர்த் தொலைபேசி எண்களைத் தேடும்போது இடைஞ்சலாகும்.

எண்ணை அடித்து இடைவெளி விட்டதும் குரோமின் முகவரிப் பட்டையில் இடப்பக்கம் தளத்தின் பெயர் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால், முன்பு சொன்ன அமைப்புப் பக்கத்திலேயே இடைவெளியா Tab விசையா என்று கேட்கும் தெரிவைப் பாருங்கள். Tab மட்டும் என்று இருந்தால் இடைவெளிக்கு அது அசையாது.

இன்னொன்று. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து சொல்லை நகலெடுத்து ஒட்டினால், யாழ்ப்பாணம் என்பது `aho;g;ghzk;` என்று போய் விழும். அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, குறுக்குவழியில் பிழை இல்லை. ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

எந்தத் தளத்தில் முடியாது

`zzqq` என்று தேடிய பிறகு முகவரியில் அந்த எழுத்துகளையே காணவில்லை என்றால், அந்தத் தளம் சொல்லை முகவரியில் வைக்காமல் உள்ளே அனுப்புகிறது. அங்கே இந்த வழி உதவாது. சில நூலகப் பட்டியல்களில் சொல் தெரியும், அதோடு நீளமான ஓர் இலக்கத் தொடரும் ஒட்டியிருக்கும். அது அந்த நேரத்து வருகைக்கு மட்டும் தளம் கொடுத்த அடையாளம். இன்றைக்கு நன்றாக வேலை செய்யும், நாளைக்குக் காலாவதியான பக்கம் என்று வரும். அந்தத் தொடரை அழித்துவிட்டும் தேடல் நடந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நடக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேடல் நடக்கும் தளமாக இருந்தாலும் அடையாள அட்டை எண், பரீட்சைச் சுட்டெண் போன்றவற்றுக்குக் குறுக்குவழி செய்யாதீர்கள். நீங்கள் அடித்தது முகவரியின் பகுதியாகிவிடுவதால் உலாவியின் வரலாற்றில் அப்படியே கிடக்கும். கடைக் கணினி என்றால் அடுத்து வந்து அமர்கிறவர் முதல் இரண்டு இலக்கத்தை அடித்ததுமே மிச்சம் கீழே வந்து நிற்கும்.

தங்கச்சி போகும்போது போனிலும் இதைச் செய்து தரச் சொன்னாள். கைபேசிக் குரோமில் இப்படிச் சேர்க்க இடமில்லை. பயர்பொக்ஸ் செயலியில் தேடல் அமைப்புக்குள் அதே `%s` முகவரியைக் கொடுத்து நூலகத்தை ஒரு தேடுபொறியாகச் சேர்த்துவிட்டேன். அங்கே எண் அடிக்கும் வேலை இல்லை, பட்டையில் இருக்கும் தேடுபொறிப் படத்தைத் தொட்டு நூலகத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும்.