ப்ளீச் கலவையின் பதம்: கெட்டியா, இளக்கமா?

முகத்தை ஒட்டிய இரண்டு கற்றைகளை மட்டும் வெளுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் முடிக்கான ப்ளீச் பவுடரும் 20 வால்யூம் கிரீம் டெவலப்பரும் இருக்கின்றன. ஒரு பங்கு பவுடருக்கு எவ்வளவு டெவலப்பர் என்பதற்குப் பாக்கெட்டில் ‘1:1.5 முதல் 1:2 வரை’ என்று போட்டிருக்கிறது. கெட்டியாகக் கலந்தால் வீரியம் அதிகம், நன்றாக வெளுக்கும் என்றுதான் புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

பவுடரில் இருப்பது காரமும் பெர்சல்ஃபேட் உப்புகளும். டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம். காரம் முடியை உப்பவைத்து அதன் மேலடுக்கைத் திறக்கிறது. அப்புறம் பெராக்சைடும் பெர்சல்ஃபேட்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் நிறமியைச் சிதைக்கின்றன. இது எல்லாம் கலவை ஈரமாக இருக்கும்வரைதான். காய்ந்துபோன இடத்தில் வெளுப்பு நின்றுவிடும்.

கெட்டிக் கலவையில் ஒவ்வொரு துளியிலும் பவுடர் அதிகம். அதனால் வேலையை வேகமாகத் தொடங்கும். ஆனால் திரவம் குறைவு என்பதால் சீக்கிரம் காயும், கற்றையின் நடுவே இறங்காமல் மேலேயே அப்பிக்கொண்டு நிற்கும். இளக்கமான கலவை ஒவ்வொரு முடியையும் போய்த் தொடும், ஈரமும் நீடிக்கும். அதில் காரம் நீர்த்திருப்பதால் வெளுப்பு மெதுவாக நடக்கும், கலவையும் வழியும்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டெவலப்பரைக் கூடுதலாக ஊற்றினால் 20 வால்யூம் 30 ஆகிவிடாது. டெவலப்பரின் வலு பாட்டிலில் போட்டிருப்பதுதான். அளவைக் கூட்டினால் பவுடரின் வீரியம்தான் நீர்க்கிறது. கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் விட்டாலோ இரண்டுமே நீர்த்துப்போகும். அதனால் தண்ணீர் வேண்டாம்.

கலப்பதற்கு முன்

வாங்கும்போதே கவனியுங்கள். சாக்கடையில் போடுகிற ப்ளீச்சிங் பவுடர் முற்றிலும் வேறு பொருள். அது தலைக்கு வரவே கூடாது. முகத்துக்கான ப்ளீச் கிரீமும் இதற்கு ஆகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீர் மாதிரி இருக்கும். அதே விகிதத்தில் கலந்தாலும் கிரீம் டெவலப்பரின் பதம் அதில் வராது, கற்றையைப் பரப்பி மூடும் ஃபாயிலிலிருந்து ஒழுகிவிடும்.

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம், டின்ட் பிரஷ், ஃபாயில், கையுறை, சமையலறைத் தராசு ஆகியவை போதும். உலோகக் கிண்ணம் வேண்டாம். பவுடரின் தூசு மூச்சில் போனால் இருமல் வரும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலே வரலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டு, பவுடரை மெதுவாகக் கொட்டுங்கள். ஒவ்வாமை சோதனையைப் பாக்கெட்டில் சொன்னபடி முன்கூட்டியே செய்துவிடுங்கள். தலையில் கறுப்பு மருதாணிப் பொடியோ உலோக உப்பு கலந்த சாயமோ போட்டிருந்தால் இதை வீட்டில் செய்யாதீர்கள். பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி அறுந்துபோகலாம்.

படி 1: எடையில் அளங்கள்

இரண்டு கற்றைகளுக்கு 20 கிராம் பவுடர், 30 மில்லி டெவலப்பர். இது 1:1.5. ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். பவுடரைத் தளர்வாக அள்ளினால் ஒரு எடை, அமுக்கி அள்ளினால் வேறு எடை. டெவலப்பரையும் தராசிலேயே 30 கிராமாக அளந்துகொள்ளலாம், வித்தியாசம் பெரிதாக இருக்காது.

படி 2: கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கள்

பவுடரைக் கிண்ணத்தில் போட்டு, டெவலப்பரில் பாதியை ஊற்றி, கட்டிகளைக் கிண்ணத்தின் ஓரத்தில் தேய்த்துக் கரையுங்கள். பிறகு மீதியைச் சேருங்கள். கட்டி அப்படியே தங்கினால், அது உட்காரும் இடத்தில் முடி தனியாக வெளுத்துப் புள்ளியாகத் தெரியும். கலந்ததும் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். பவுடரில் இருக்கும் கெட்டியாக்கும் பொருள் திரவத்தை உறிஞ்சி, பதம் சற்று இறுகும். கலந்த கையோடு பார்த்து ‘இளக்கமாக இருக்கிறதே’ என்று பவுடரைச் சேர்க்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 3: பதம் பாருங்கள்

1:1.5 என்றால் இட்லி மாவு பதம். பிரஷ்ஷில் எடுத்துச் சாய்த்தால் சொட்டாமல் நிற்கும், முடியில் வைத்து இழுத்தால் தடையில்லாமல் பரவும். பிரஷ் இழுபட்டு முடியையும் இழுத்தால் கெட்டி அதிகம். ஒரு ஸ்பூன் டெவலப்பர் விடுங்கள். சாய்த்ததும் சொட்டினால் ஃபாயிலுக்கு ஆகாத இளக்கம். தலை முழுக்கத் திறந்த நிலையில் பூசும்போது 1:2 வசதியாக இருக்கும். ஃபாயிலில் அது வேர்ப்பக்கம் கசிந்து, பட்டை பட்டையாகக் கறை விடும். ஃபாயிலுக்குள் கலவை கொஞ்சம் உப்பவும் செய்யும், ஆகவே வேரை ஒட்டி ஒரு விரல் இடம் விட்டே பூசுங்கள்.

படி 4: நனைய நனையப் பூசுங்கள்

கற்றையை அகலமாகவும் மெல்லியதாகவும் பிரித்து ஃபாயிலில் பரப்பி, மேலே பூசி, திருப்பி அடியிலும் பூசுங்கள். கறுப்பு எங்குமே தெரியாமல் வெள்ளைக் கலவை மட்டும் தெரிய வேண்டும். கையுறை விரல்களால் முடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உலர்ந்த இழை இருக்கக் கூடாது. பதத்தில் சிறு பிசகு இருந்தாலும் தாராளமாகப் பூசினால் சமாளிக்கலாம். சிக்கனமாகப் பூசினால் எவ்வளவு சரியான பதமும் வீண்தான்.

மூன்று பதங்களை ஒப்பிட்டுப் பார்க்க

தலையில் வைப்பதற்கு முன் இதைச் செய்தால் நல்லது. முடி வெட்டியபோது விழுந்த சாயம் போடாத முடியை எடுத்து, பென்சில் தடிமனில் மூன்று கொத்துகளாக நூலால் கட்டுங்கள். 10 கிராம் பவுடருக்கு 10, 20, 30 மில்லி என மூன்று கலவை தயார் செய்து, ஒரே அளவு பூசி, ஃபாயிலில் மூடி 30 நிமிடம் விடுங்கள். 10 கிராமுக்குக் குறைவாக எடுத்தால் தராசின் சிறு பிழையே விகிதத்தை மாற்றிவிடும்.

கழுவிக் காயவைத்துப் பார்க்கும்போது 1:1 கொத்தின் வெளிப்பக்கம் ஆரஞ்சாகி இருக்கும். பிரித்தால் நடுவில் செம்பழுப்பு இழைகள் கலந்து கிடக்கும். கலவை அங்கே போய்ச் சேரவில்லை. 1:2 பெரும்பாலும் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். 1:3 கொத்தும் சீராகத்தான் இருக்கும், ஆனால் நிறம் ஒரு படி இருண்டிருக்கும். 1:1 கலவையையே இருமடங்கு எடுத்து, மெல்லிய கொத்தில் நன்றாகப் பிசைந்து பூசினால் உள்பக்கமும் வெளுக்கும். ஃபாயில் ஈரத்தைப் பிடித்துவைப்பதால்தான் அங்கே கெட்டிக் கலவை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. திறந்து விட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் கால் மணி நேரத்திலேயே ஓரங்கள் காய்ந்து பொருக்காகத் தொடங்கிவிடலாம்.

பூசிய பிறகு

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபாயிலைத் திறந்து, ஓர் இடத்தில் கலவையைத் துடைத்து நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு கட்டிய இடம் இருந்தால், அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகக் கலந்த கலவையைப் பூசுங்கள். ஆனால் பாக்கெட்டில் சொன்ன மொத்த நேரத்தைத் தாண்டாதீர்கள். எரிச்சல் கூடினாலோ, ஃபாயில் கை பொறுக்காத அளவு சூடானாலோ, ஈரமுடி ரப்பர் போல நீண்டாலோ உடனே கழுவிவிடுங்கள்.

நம் கறுப்பு முடி 20 வால்யூமில் ஒரே தடவையில் பெரும்பாலும் ஆரஞ்சு வரைக்கும்தான் போகும். கலவையை இன்னும் கெட்டியாக்கி அதைத் தாண்ட முடியாது. மஞ்சள் வேண்டுமென்றால் சில வாரம் இடைவெளி விட்டு இன்னொரு தடவை செய்ய வேண்டும்.

மீந்த கலவையை நாளைக்கு ஆகும் என்று மூடிவைக்காதீர்கள். வீரியம் போய்விடும் என்பது ஒரு பக்கம். உள்ளே வாயு வந்துகொண்டே இருப்பதால் இறுக மூடிய டப்பா வெடித்துத் தெறிக்கலாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கையுறையோடேயே கழுவிவையுங்கள்.