மலையேறும் குழுவை வாட்ஸ்அப் குரூப்பில் ஒன்றாக வைத்திருப்பது எப்படி?

முதன்முறையாக ஒரு குழுவை மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் லைவ் லொகேஷனை மட்டும் போட்டுவிட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது மேப்பில் தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருமுறை பின்னால் வந்த எங்கள் ஐந்து பேருக்கும், முன்னால் போனவர்களின் புள்ளி ஒரு மேட்டில் அப்படியே நிற்பது தெரிந்தது. ஓய்வெடுக்கிறார்கள் போல என்று நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். உண்மையில் அவர்கள் நாற்பது நிமிடத்துக்கு முன்பே அந்த மேட்டைத் தாண்டி, டவர் கிடைக்காத சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்த்தது பழைய இடம்.

லைவ் லொகேஷன் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் போன் ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தைக் கண்டுபிடிக்க நெட் தேவையில்லை. ஃபிளைட் மோடில்கூடப் பெரும்பாலான போன்கள் அதைச் செய்துவிடும். ஆனால் அந்த இடத்தை மற்றவர்களுக்கு அனுப்ப மொபைல் டேட்டா வேண்டும். டவர் போன நொடியில் உங்கள் புள்ளி மேப்பிலிருந்து மறைவதில்லை, கடைசியாக அனுப்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. பார்ப்பவருக்கு நின்ற புள்ளியும் நிற்கிற மனிதரும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் குழுவைக் காப்பது சந்திப்பு இடங்களும், அங்கிருந்து போடும் செக்-இன் செய்தியும்தான். லைவ் லொகேஷன் அவற்றுக்குத் துணை.

படி 1: குரூப்பும் மூன்று பொறுப்புகளும்

இந்தப் பயணத்துக்கென்று தனியாக ஒரு குரூப் தொடங்குங்கள். நடக்கிறவர்கள், கூடவே நடக்காத ஒருவர். அவ்வளவு பேர் போதும். போட்டோக்களுக்கு வேறு குரூப் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செக்-இன் செய்தி நூறு படங்களுக்கு அடியில் போய்விடும்.

முன்னால் போகிறவர் ஒருவர், கடைசியில் வருகிறவர் ஒருவர், கீழே வீட்டிலோ ஊரிலோ இருந்து கவனிப்பவர் ஒருவர் என்று மூன்று பேரை முடிவுசெய்யுங்கள். கடைசி ஆள் யாரையும் தன் பின்னால் விட்டு நடக்கக் கூடாது. அதனால் அந்த வேலையை அனுபவமும் பொறுமையும் உள்ளவரிடம் கொடுங்கள். வேகமாக நடப்பவர் என்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

படி 2: சந்திப்பு இடங்கள்

சந்திப்பு இடம் என்றால், முன்னால் போனவர்கள் கடைசி ஆள் வரும்வரை நின்றே ஆக வேண்டிய இடம். பாதை இரண்டாகப் பிரியும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், மலைமுகடு என்று தவறவே விட முடியாதபடி கண்ணில் படுகிற இடங்களைத் தேர்ந்தெடுங்கள். டவர் கிடைத்தால் நல்லது. ஆனால் பாதை பிரியும் இடத்தில் டவர் இல்லாவிட்டாலும் அது சந்திப்பு இடமாக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் ஆட்கள் வழி தவறுவது அங்கேதான்.

அடுத்து நேரம். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் 600 மீட்டருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. புதியவர்கள் உள்ள குழுவுக்கு, ஓய்வையும் சேர்த்து, நான் அதில் பாதியை மேலும் கூட்டிக்கொள்வேன்.

ஒரு உதாரணம். எட்டு பேர், உச்சிக்கு 9 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம். நேஸ்மித் கணக்கில் 2 மணி 48 நிமிடம். பாதியைக் கூட்டினால் 4 மணி 12 நிமிடம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் உச்சிக்கு 10:10 வாக்கில் போய்ச் சேரலாம். ஒவ்வொரு துண்டுக்கும் இதே கணக்கைப் போட்டு, முந்தின நாளே குரூப்பில் இப்படி எழுதிப் `Pin` செய்துவிடுங்கள்:

ச1, பாதை பிரியும் இடம்: 6:45, கெடு 7:15
ச2, ஓடை: 8:00, கெடு 8:30
ச3, முகடு: 9:20, கெடு 9:50
ச4, உச்சி: 10:10, கெடு 10:40
எங்கே இருந்தாலும் 11:00 மணிக்குத் திரும்புகிறோம்.
ச2-க்கும் ச3-க்கும் நடுவில் டவர் இல்லை.

கடைசி வரி கீழே இருப்பவருக்காக. எந்தப் பகுதியில் புள்ளி நின்றுபோகும் என்பது முன்பே தெரிந்தால் அவர் வீணாகப் பதற மாட்டார். அந்தப் பாதையில் ஏற்கெனவே போய்வந்தவர்களிடம் கேட்டாலே இது தெரிந்துவிடும். கூடவே அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை எல்லோரும் வீட்டிலேயே இறக்கிவைத்து, இந்த நான்கு இடங்களையும் அதில் குறித்துக்கொள்ளட்டும்.

படி 3: லைவ் லொகேஷனை யார் போடுவது?

எல்லோரும் போட வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் போகிறவரும் கடைசி ஆளும் போட்டால் குழு அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. மற்ற ஆறு பேரின் போனும் ஃபிளைட் மோடில் இருக்கட்டும். டவர் மங்கலாக உள்ள இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும். ஆறு போன்களில் சார்ஜ் மிஞ்சியிருந்தால், யாராவது தனியாகப் பிரிந்துவிட்டாலும் போனை இயக்கி உதவி கேட்க முடியும்.

லொகேஷன் போடும் இருவரும் முந்தின நாள் இரண்டு அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்புக்கு லொகேஷன் அனுமதி `Allow all the time` என்று இருக்க வேண்டும், பேட்டரி அமைப்பில் `Unrestricted`. ஐபோனில் அனுமதி `Always`. அப்புறம் குரூப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு `Location`, பிறகு `Share live location`, `8 hours`.

இதோடு விட்டுவிடாதீர்கள். போனைப் பூட்டிச் சட்டைப் பையில் போட்டு, தெருவில் பத்து நிமிடம் நடங்கள். வேறொருவர் தன் போனில் உங்கள் புள்ளி நகர்கிறதா என்று பார்க்கட்டும். பல போன்களில் திரை அணைந்ததும் செயலி தூங்கிவிடும், புள்ளி வீட்டு வாசலிலேயே நிற்கும். இதை மலையில் கண்டுபிடிப்பதைவிடத் தெருவில் கண்டுபிடிப்பது நல்லது.

இன்னொரு சிக்கல், நேரம். 6 மணிக்குப் போட்ட 8 மணி நேரம் மதியம் 2 மணிக்கு முடிந்துவிடும். நம் உதாரணக் குழு 11 மணிக்கு உச்சியிலிருந்து கிளம்பினால் கீழே வர இரண்டரை ஆகலாம். கடைசி அரை மணி நேரம் மேப்பில் யாருமே இருக்க மாட்டார்கள். அதனால் திரும்பும்போது, டவர் கிடைக்கிற ஒரு சந்திப்பு இடத்தில் இருவரும் பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இதையும் திட்டச் செய்தியில் எழுதிவையுங்கள்.

படி 4: செக்-இன்

ஒவ்வொரு சந்திப்பு இடத்திலும் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு, அவரே ஆட்களை விரல் நீட்டி எண்ண வேண்டும். தன்னை எண்ண மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஏழு வந்தால் முதலில் அதைப் பாருங்கள். எண்ணி முடித்ததும் அனுப்பும் செய்தி ஒரே வரி:

ச2, 8:10, 8 பேர், எல்லாரும் நலம், பேட்டரி 81

நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதுவது முக்கியம். டவர் இல்லாத இடத்தில் அனுப்பிய செய்தி போனிலேயே காத்திருந்து, ஒரு மணி நேரம் கழித்து டவர் கிடைத்ததும்தான் புறப்படும். எழுதிய நேரம் உள்ளே இருந்தால், கீழே படிப்பவருக்குக் குழப்பம் வராது.

செய்தி போனதா என்பதைக் குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடிகாரம் தெரிந்தால் இன்னும் உங்கள் போனைவிட்டே போகவில்லை. ஒரு டிக் வந்தால் போய்விட்டது, நீங்கள் நடக்கலாம். இரண்டாவது டிக்குக்காகக் காத்திருக்காதீர்கள். குரூப்பில் அது எல்லோருக்கும் சேர்ந்த பிறகுதான் வரும், இங்கே ஆறு போன் ஃபிளைட் மோடில் இருக்கிறது. கடிகாரமே நின்றால் அதே வரியைக் கீழே இருப்பவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். நெட் எட்டாத மங்கலான சிக்னலிலும் எஸ்எம்எஸ் பல நேரம் போய்விடும்.

படி 5: கெடு தாண்டினால்

நம் எட்டு பேரில் முன்னால் போன நான்கு பேர் 9:15-க்கு முகட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் கடைசி ஆளின் புள்ளி ஓடைக்குச் சற்று மேலே நிற்கிறது. அவர் பெயரைத் தொட்டால் அது 50 நிமிடத்துக்கு முந்தைய இடம் என்று காட்டுகிறது. அது டவர் இல்லாத பகுதி என்று திட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இப்போது செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும்.

9:50 ஆகிவிட்டது, யாரும் வரவில்லை. இப்போது புள்ளி என்ன காட்டினாலும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன்னால் போனவர் எழுதுகிறார்: "ச3, 9:50, 4 பேர், பின்னால் வரும் 4 பேர் வரவில்லை, இருவர் திரும்பிப் போகிறோம், 10:50-க்குள் பதில்." இருவர் போகிறார்கள், இருவர் முகட்டிலேயே நிற்கிறார்கள். ஒருவரை மட்டும் அனுப்பினால் தேட வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடிவிடலாம்.

போகிறவர்கள் வந்த பாதையிலேயே இறங்க வேண்டும், குறுக்கு வழி கூடாது. கடைசிப் புள்ளி இருந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம் என்றும் நினைக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர்கள் 50 நிமிடத்துக்குமேல் நடந்திருக்கலாம், ஆகவே புள்ளிக்கும் முகட்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் பாதையைவிட்டு நகராமல் நின்று விசில் ஊத வேண்டும்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. பதில் தருகிறவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதுவார். இது மலைகளில் பொதுவாக வழங்கும் ஆபத்துக் குறி. அதனால் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும்.

கால் பிசகியவர் ஒருவர், கூடவே கடைசி ஆளும் மற்ற இருவரும் என்று அவர்கள் கிடைத்துவிட்டால், உச்சிப் பயணம் அங்கேயே முடிந்தது. மேலே நிற்கும் இருவரும் இறங்கிவர, எட்டு பேரும் சேர்ந்து திரும்ப வேண்டும். மறுபடி குழுவைப் பிரிக்க வேண்டாம்.

கீழே இருப்பவருக்கும் ஒரு கெடு உண்டு. 10:50 வரை பதில் வராவிட்டால் அவர் முன்னால் போனவருக்கும் கடைசி ஆளுக்கும் போன் செய்ய வேண்டும். இருவரும் கிடைக்காவிட்டால், முன்பே குறித்து வைத்திருக்கும் மீட்பு எண்ணை உடனே அழைக்க வேண்டும். அங்கே சொல்ல வேண்டியவை: எத்தனை பேர், எந்தப் பாதை, கடைசி செக்-இன் எங்கே, எப்போது, கடைசிப் புள்ளி எங்கே, அது எத்தனை மணிக்கு வந்தது. குரூப்பை மேலே தள்ளினால் எல்லாமே அங்கே இருக்கும்.

படி 6: முடித்துவைப்பது

கீழே வந்ததும் மறுபடி எண்ணி, "இறங்கியாச்சு, 2:25, 8 பேர்" என்று கடைசி ஆள் போட வேண்டும். லொகேஷன் போட்ட இருவரும் `Stop sharing` தொட வேண்டும். புள்ளிகள் வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்துக் கீழே இருப்பவர் போனை வைத்துவிடக் கூடாது. அந்த இரண்டு புள்ளிகளும் இரண்டு பேரைத்தான் காட்டும். எட்டு என்ற எண்ணைப் படித்து அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு எல்லோரும் கலையலாம்.